ராத்திரி பத்து மணிக்கு ஆடிட்டர் எதற்கு?

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவருக்குப் பகலில் கணக்கைப் பற்றி யோசிக்க நேரமில்லை. நிட்டிங் முடிந்த துணி டையிங்குக்குப் போயிற்றா, டையிங்கில் இருந்து வந்த கலர் சரியாக இருக்கிறதா, தையலுக்கு ஆள் வந்தார்களா என்று பொழுது ஓடிவிடும். ஷட்டரை இறக்கி, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு உட்காரும்போதுதான் நினைவு வரும்: இந்த மாதம் ஜி.எஸ்.டி. எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்? அப்போது மணி ஒன்பதரை, பத்து. உடனே போனை எடுத்து ஆடிட்டருக்கு ஒரு செய்தி. பத்து நிமிடத்தில் பதில் இல்லையென்றால் ஒரு கேள்விக்குறி. அதற்கும் பதில் இல்லையென்றால் ஒரு அழைப்பு.

வரிக்கணக்கு எழுதித் தருகிற எல்லாரையும் நம் ஊரில் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர்களில் பலர் சி.ஏ. படித்தவர்கள் அல்ல, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து தரும் சிறு அலுவலகக்காரர்கள். இரண்டு உதவியாளர்கள், ஐம்பது அறுபது வாடிக்கையாளர்கள், ஒரே போன் எண். அறுபது பேரில் ஐம்பத்தெட்டு பேர் தொந்தரவே தரமாட்டார்கள். மிச்சம் இருக்கும் ஒருவர் இருவரால்தான் இரவுச் சாப்பாடு ஆறிப்போகிறது, ஞாயிற்றுக்கிழமை கெடுகிறது. அப்படி ஒருவரிடம் உறவு முறியாமல், மரியாதை குறையாமல், 'இந்த நேரத்துக்குள்தான் நான் கிடைப்பேன்' என்று எப்படிச் சொல்வது?

அப்படிப்பட்ட ஓர் அலுவலகத்தை நடத்தும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் உள்நாட்டு வியாபாரம் செய்யும் பனியன் உற்பத்தியாளர், வயதில் மூத்தவர், மாதம் ₹6,000 தருகிறார். இந்தப் பெண் செய்ய வேண்டிய முதல் வேலை பேசுவது அல்ல, எண்ணுவது. ஒரு மாத வாட்ஸ்அப் செய்திகளைப் பின்னால் போய்ப் பார்த்து, அலுவலக நேரத்துக்கு வெளியே வந்தவற்றை மட்டும் ஒரு தாளில் எழுத வேண்டும். எந்த நாள், எத்தனை மணி, என்ன கேட்டார், பதில் மறுநாள் காலை போயிருந்தால் அவருக்கு என்ன நஷ்டம்? இந்தக் கடைசிப் பத்தியை நிரப்பும்போதுதான் விஷயம் விளங்கும்.

'இந்த மாதம் வரி எவ்வளவு வரும்?' என்பதுதான் பெரும்பாலான செய்திகள். காலையில் சொன்னால் நஷ்டம் எதுவும் இல்லை. அவருக்கு அது பணத்தைப் புரட்டும் கவலை. தொகை தெரியாததால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அடுத்த கூட்டம் கடைசித் தேதி பற்றியது. மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவம் 11-ஆம் தேதிக்குள், ஜி.எஸ்.டி.ஆர்-3பி படிவம் 20-ஆம் தேதிக்குள். இவற்றில் 20-ஆம் தேதி இரவுதான் எல்லாரும் பதறுவது. உண்மையில் 3பி ஒரு நாள் தாமதமானால் வரி உள்ளவருக்குத் தாமதக் கட்டணம் நாளுக்கு ₹50. ரொக்கமாகக் கட்ட வேண்டிய வரி ஒரு லட்சம் என்றால், ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய இன்னொரு ஐம்பது ரூபாய். ஆக நள்ளிரவுப் பதற்றத்தின் மதிப்பு ஏறக்குறைய நூறு ரூபாய். தாமதம் செய்யலாம் என்று சொல்ல வரவில்லை. பழக்கமாகிப் போனால் இ-வே பில் எடுப்பதே தடைபடும். ஆனால் பதற்றத்துக்கு ஓர் அளவு வேண்டும்.

யாரும் அவ்வளவாகப் பதறாத 11-ஆம் தேதிக்குத்தான் எடை அதிகம். ஜி.எஸ்.டி.ஆர்-1 அன்றைக்குப் போகாவிட்டால், துணி வாங்கியவரின் கணக்கில் 14-ஆம் தேதி தயாராகும் 2பி பட்டியலில் இவருடைய பில் ஏறாது. வாங்கியவருக்கு வரவு ஒரு மாதம் தள்ளிப்போகும். அவர் பணத்தை நிறுத்தி வைப்பார். எது அவசரம் என்பதை வாடிக்கையாளரின் குரல் முடிவு செய்யக் கூடாது, இந்த மாதிரிக் கணக்குதான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது வகை செய்திகள் குறைவு, ஆனால் இரவில் வருவதற்கு அவற்றுக்கு நியாயம் உண்டு. வண்டி நின்றுவிட்டது என்பவை அவை. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் 'ராத்திரி எடுக்கமாட்டேன்' என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாமல் தடுப்பது இதுதான்.

சரக்கோடு போகும் இ-வே பில்லுக்கு ஆயுள் உண்டு. சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்; 1,200 கிலோமீட்டர் என்றால் 6 நாள். ஒவ்வொரு நாளும் நள்ளிரவு 12 மணியோடு முடிவதாகக் கணக்கு. காலாவதியான பில்லோடு வண்டி பிடிபட்டால் சரக்கை நிறுத்தி வைத்து, உரியவர் முன்வந்து விடுவிக்கக் கேட்டால் வரியைப்போல இரண்டு மடங்கு அபராதம் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பில்லை நீட்டிக்கலாம், ஆனால் அது முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிருந்து, முடிந்த பின் 8 மணி நேரம் வரை மட்டுமே. பில் எப்போதும் நள்ளிரவில் முடிவதால், நீட்டிக்கும் நேரம் மாலை 4 மணி முதல் மறுநாள் காலை 8 மணி வரை என்று ஆகிறது. அலுவலக நேரத்தில் இரண்டரை மணி நேரம் மட்டும் இதற்குள் வருகிறது. மீதி எல்லாம் இரவு. ஆக, இந்த அழைப்புகள் இரவில் வருவது முதலாளியின் குணத்தால் மட்டுமல்ல, விதியே அப்படி அமைந்திருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் வழியும் தெரிந்துவிடும். தினமும் மாலை 4 மணிக்கு கம்பெனியில் உள்ள பில் போடும் பையன் ஒருவன், அன்று இரவு முடியப் போகும் பில்கள் எவை என்று பார்த்து, வண்டி எங்கே இருக்கிறது என டிரைவரிடம் கேட்டுவிட்டால் முடிந்தது. அவனுக்கென்று தனியாக ஒரு துணைப் பயனர் கணக்கு இ-வே பில் தளத்திலேயே உருவாக்கித் தரலாம். இன்னொன்றும் உண்டு: பில்லில் டிரான்ஸ்போர்ட்காரரின் எண் ஏறியிருந்தால் நீட்டிக்க வேண்டியவர் அவர்தான். ராத்திரி ஆடிட்டரை எழுப்பினாலும் ஆடிட்டர் டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்குத்தான் போன் செய்யப் போகிறார். அந்தப் பையனுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால், இரவு அழைப்புகளில் நியாயமானவை பாதிக்கு மேல் நின்றுவிடும். எல்லை போடுவது என்றால் கதவைச் சாத்துவது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே முக்கால்வாசி வேலை, அந்தக் கதவைத் தட்ட வேண்டிய தேவையைக் குறைப்பதுதான்.

தன் பக்கத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு அலுவலகம் மாதாமாதம் 3பி படிவத்தை 20-ஆம் தேதி இரவு பத்து மணிக்குத்தான் தாக்கல் செய்கிறது என்றால், அந்த வாடிக்கையாளர் இரவு பத்து மணிக்குப் பேசப் பழகியது யாரால்? என் கணிப்பில், நச்சரிக்கும் வாடிக்கையாளர்களில் பாதிப் பேரை அலுவலகங்களே தயாரிக்கின்றன. 17-ஆம் தேதிக்குள் தொகையைச் சொல்லிவிடுகிற இடத்துக்கு அந்தக் கேள்வி வருவதில்லை.

இதே ரகத்தைச் சேர்ந்த இன்னொரு பழக்கம், ஜி.எஸ்.டி. பதிவு எடுக்கும்போது வாடிக்கையாளரின் எண்ணுக்குப் பதிலாக ஆடிட்டர் தன் மொபைல் எண்ணையும் மெயிலையும் கொடுத்துவிடுவது. ஓ.டி.பி. கேட்டு அலைய வேண்டாமே என்ற வசதிக்காகச் செய்வது. அன்றிலிருந்து துறையின் ஒவ்வொரு நோட்டீசும், ஒவ்வொரு ஓ.டி.பி.யும் ஆடிட்டருக்கே வரும். 'எனக்கு எதுவும் வரலையே, உங்களுக்குத்தானே வந்துச்சு' என்று முதலாளி சொன்னால் மறுக்க முடியாது. நேரத்துக்கு எல்லை வேண்டும் என்கிறவர் முதலில் அந்தப் பதிவைத் திருத்தி வாடிக்கையாளரின் எண்ணைப் போட வேண்டும். போட்டபின் தாக்கல் அன்று ஓ.டி.பி. சொல்ல அவர் போனில் இருந்தாக வேண்டும். இனி அவருடைய நேரமும் ஒப்பந்தத்தில் ஒரு பகுதி ஆகிறது. இது நல்லதுதான். ஒருவர் மட்டும் எல்லை போட்டால் அது கட்டளை மாதிரி இருக்கும். இருவரும் நேரம் கொடுத்தால் ஏற்பாடு ஆகிவிடும்.

இனி பேச்சு. எப்போது பேசுவது என்பதில் பலர் தவறுகிறார்கள். இரவு பதினோரு மணி அழைப்பில் எரிச்சலோடு சொல்வது, 20-ஆம் தேதி நெருக்கடியில் சொல்வது, இரண்டுமே சண்டையில் முடியும். மார்ச் மாதம், அடுத்த ஆண்டுக் கட்டணம் பேசும் சமயத்தில், நேரில் போய்ச் சொல்வது சுலபம். திருப்பூரில் சனிக்கிழமை கூலி பட்டுவாடா நாள், அன்று போகக் கூடாது. செவ்வாய், புதன் காலை நல்லது.

அந்தப் பெண் இப்படிப் பேசலாம்:

"அண்ணா, ஏப்ரல்ல இருந்து உங்க கணக்குக்கு ஒரு முறை வெச்சிருக்கேனுங்க. திங்களும் வியாழனும் சாயங்காலம் ஆறு மணிக்கு நானே உங்களைக் கூப்பிடறேன். வரி எவ்வளவு வருது, யார் பில் ஏத்தல, நோட்டீஸ் ஏதாச்சும் வந்திருக்கான்னு பத்து நிமிஷத்துல சொல்லிடறேன். நடுவுல என்ன தோணுனாலும் வாட்ஸ்அப்ல போட்டு வைங்க. நாலு மணிக்குள்ள வந்தா அன்னைக்கே பதில். அதுக்கு மேல வந்தா அடுத்த வேலை நாள் மத்தியானத்துக்குள்ள. வண்டியைப் புடிச்சுட்டாங்க, ஆபீசர் கம்பெனிக்கு வந்துட்டாங்க, இந்த ரெண்டுக்கும் எந்நேரம்னாலும் போன் பண்ணுங்க, எடுக்கறேன்."

அவர் விடுவாரா? "ஏனுங்க அம்மிணி, காசு குடுக்கறமல்லோ, ராத்திரி ஒரு வார்த்தை கேட்டா என்னங்க?"

"குடுக்கறீங்கண்ணா. அதனாலதான் சொல்றேன். பதினோரு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல நான் ஒரு தொகையைச் சொல்லி, நீங்க அதை நம்பிப் பணத்தைத் திருப்பி வேற பக்கம் போட்டுட்டா, கஷ்டம் உங்களுக்குத்தானுங்க. சிஸ்டத்தைப் பாத்துட்டுச் சொன்னா சரியா இருக்கும்."

இதில் கவனிக்க வேண்டியது, அவர் முதலில் கொடுத்தது என்ன என்பது. வாரம் இரண்டு முறை, கேட்காமலே, நிச்சயமான ஓர் அழைப்பு. அதுவும் முதலாளிக்கு ஒத்துவரும் மாலை நேரத்தில். 'எப்போது வேண்டுமானாலும்' என்பதைப் பிடுங்கிக்கொண்டு 'இந்த நேரத்துக்கு உறுதியாக' என்பதைக் கொடுத்திருக்கிறார். திங்கள் ஆறு மணிக்குத் தொகை தெரிந்துவிடும் என்றால் ஞாயிறு இரவு கேட்பதற்குக் காரணம் குறைகிறது. வாக்குக் கொடுத்த அந்த அழைப்பை முதல் இரண்டு மாதம் ஒருமுறைகூடத் தவறவிடக் கூடாது. தவறினால் ஏற்பாடு முழுதும் போயிற்று.

அவர் சொல்லாமல் விட்டதும் முக்கியம். பையனுக்குப் பரீட்சை, உடம்பு முடியவில்லை, வீட்டில் கோபித்துக்கொள்கிறார்கள் என்று எதுவும் இல்லை. பரீட்சையைக் காரணம் சொன்னால் பரீட்சை முடிந்த அன்று இரவு அழைப்பு வரும். உடம்பைச் சொன்னால், 'இப்ப எப்படிங்க இருக்குது?' என்று விசாரித்துக்கொண்டே வரியையும் கேட்பார். சொந்தக் காரணம் சொல்லும்போது அந்தக் காரணத்தை எடைபோடும் உரிமையும் கேட்பவருக்குப் போய்விடுகிறது. வேலை சரியாக நடப்பதற்காக என்ற காரணம் மட்டும் எந்த மாதமும் காலாவதி ஆகாது. மன்னிப்பும் வேண்டியதில்லை.

பேசிவிட்டு வந்த அன்றே எழுத்தில் அனுப்பிவிட வேண்டும். நீளமாக வேண்டாம், இவ்வளவு போதும்:

'வணக்கம் அண்ணா. இன்று பேசியபடி ஏப்ரல் 1 முதல்: அலுவலக நேரம் திங்கள் முதல் சனி வரை காலை 9.30 – மாலை 6.30. திங்கள், வியாழன் மாலை 6 மணிக்கு நான் அழைப்பேன். 9, 10, 11 மற்றும் 18, 19, 20 தேதிகளில் இரவு 8.30 வரை அலுவலகம் இருக்கும். வண்டி நிறுத்தம், அதிகாரி வருகை இரண்டுக்கும் எந்நேரமும் அழைக்கலாம். பில்கள் 5-ஆம் தேதிக்குள் கிடைத்தால் 17-ஆம் தேதிக்குள் வரித் தொகையைச் சொல்லிவிடுவேன். தாக்கல் அன்று ஓ.டி.பி.க்காகக் காலை 11 முதல் 12 வரை போனில் இருக்க வேண்டுகிறேன்.'

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் அலுவலக நேரத்துக்கு வெளியே தானாகப் பதில் போகும் வசதி இருக்கிறது. வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைத் தினம் ராத்திரி ஒரு கோபக்கார முதலாளிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால் இயந்திரத்திடம் பேசுகிறோம் என்று எரிச்சல்படுவார். அவருடைய எண்ணை மட்டும் அதிலிருந்து விலக்கிவிடுவது நல்லது.

முதல் சோதனை சீக்கிரமே வரும். ஒரு ஞாயிறு இரவு 10.20-க்கு, 'இந்த மாசம் எவ்வளவு?' என்ற பழைய கேள்வி. பதில் தெரிந்தே இருக்கும், ஐந்து நொடி வேலைதான். அந்த ஐந்து நொடியில்தான் எல்லாம் கெடும். ஒருமுறை பதில் போனால், எழுதிக் கொடுத்த நேரம் சும்மா பேச்சுக்கு என்று அவருக்குப் புரிந்துவிடும்; அடுத்த முறை பதில் வராதபோதுதான் அவமதிப்பாகத் தோன்றும். திங்கள் காலை அலுவலகம் திறந்ததும் முதல் வேலையாகத் தொகையை, அதன் விவரத்தோடு, அனுப்ப வேண்டும். 'நேத்து பாக்கலீங்க' என்று பொய் வேண்டாம், நீல டிக்கை அவரும் பார்த்திருப்பார். நேற்றைய நேரத்தைக் குத்திக்காட்டவும் வேண்டாம். இரவில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் முடித்ததை அப்போதே அனுப்பிவிடும் பழக்கத்தையும் விட வேண்டும். மெயிலைக் காலை 9.30-க்குப் போகும்படி நேரம் குறித்து வைத்துவிடலாம். பதினோரு மணிக்கு நம்மிடமிருந்து மெயில் போனால், நாம் விழித்திருக்கிறோம் என்ற சேதிதான் முதலில் போய்ச் சேரும்.

அவசரத்துக்கு அழைக்கலாம் என்று சொன்ன பிறகு அழைப்பு வந்தால் எடுத்தாக வேண்டும். வேறு விஷயத்துக்கு என்று தெரிந்தால் அரை நிமிடத்தில் முடித்துவிடலாம்: "அண்ணா, வண்டி ஏதும் நின்னுடுச்சுங்களா? இல்லீங்களா, நல்லதுங்க. இதை நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள பாத்துச் சொல்லிடறேன்." அதற்குமேல் விளக்கம் கிடையாது. சிலர் இரவு அழைப்புக்குத் தனிக் கட்டணம் வைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வசதியுள்ளவர் ஐந்நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு, இரவை விலைக்கு வாங்கிவிட்டதாகவே நடந்துகொள்வார்.

வேலை நேரத்துக்குப் பின் தொடர்புகொள்ளப்படாமல் இருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017-இலும் ஆஸ்திரேலியா 2024-இலும் சட்டத்தில் கொண்டுவந்தன. அவை எல்லாம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கானவை. தனியாகத் தொழில் செய்பவருக்கு அவரே எழுதிக்கொள்ளும் தாள்தான் சட்டம்.

இந்த ஏற்பாடு எல்லா இடத்திலும் செல்லாது. மொத்த வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது என்றால், இவ்வளவு பேசவும் துணிவு வராது, பேசினாலும் குரலில் பயம் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவர் இன்னும் நான்கைந்து கணக்குகளைச் சேர்த்துக்கொண்ட பிறகு பேசுவது நல்லது. மூன்று மாதம் ஒழுங்காக நடத்தியும் வசைபாடுகிற, உதவியாளர்களைத் திட்டுகிற ஆள் என்றால் நேர எல்லை அவருக்கு மருந்தாகாது. கணக்கை விட்டுவிட வேண்டியதுதான்.

விடுவதிலும் முறை உண்டு. 20-ஆம் தேதி தாக்கல் முடிந்த பிறகு, ஒரு மாத அவகாசம் கொடுத்து, எழுத்தில் தெரிவியுங்கள். அவருடைய பாஸ்வேர்டுகள், தாக்கல் செய்த படிவங்கள், நிலுவையில் உள்ள நோட்டீஸ்களின் பட்டியல், அவற்றுக்குப் பதில் தர வேண்டிய கடைசித் தேதி எல்லாவற்றையும் ஒரே கவரில் கொடுத்து ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் பாக்கி இருந்தால் தனியாகக் கேளுங்கள். அதற்காக அவருடைய கணக்கைப் பிடித்து வைக்காதீர்கள்.